பதினான்கு பக்க டை மாற்றும் நடைமுறையை ஒரு கையட்டையில் அடக்குவது எப்படி

பவர் பிரஸ் ஓடும் ஒரு பட்டறையில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். 100 டன் பிரஸ்ஸில் டை மாற்றும் நடைமுறை எங்களிடம் பதினான்கு பக்கம். அதை ஓர் அட்டையில் சுருக்கித் தரும்படி என்னிடம் சொன்னார்கள். முதல் முறை செய்தது பயன்படவில்லை என்பதோடு, ஒரு டையையும் உடைத்தது. இரண்டாவது அட்டைதான் இன்று டை மாற்றும் செட்டர்கள் கையில் இருக்கிறது. அதே வேலை உங்களுக்கு வந்திருந்தால் என் முதல் மூன்று மாதம் உங்களுக்கு வீணாகாமல் இருக்கட்டும்.

பிரஸ் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. டை என்பது தகட்டை வெட்டும் அல்லது வளைக்கும் அச்சு. மேல் பாதி, ஏறி இறங்கும் ராமில், கீழ்ப் பாதி மேசையில் கிளாம்ப் போட்டு நிற்கும். ராம் முழுவதும் இறங்கிய நிலையை இங்கே கீழ் எல்லை என்கிறேன். முழுவதும் ஏறிய நிலை மேல் எல்லை.

1. முதலில் கையில் இருக்க வேண்டிய ஆவணங்கள்

கணினியைத் திறப்பதற்கு முன் நான்கு தாள்களைச் சேகரித்துக்கொள்ளுங்கள். நடைமுறையின் நடப்புப் பதிப்பு, இயந்திரம் செய்தவர் கொடுத்த கையேடு, அந்த இயந்திரத்தின் ஆபத்து மதிப்பீடு, கடந்த ஓராண்டின் விபத்துப் பதிவேடும் மயிரிழையில் தப்பிய சம்பவங்களின் பதிவேடும்.

நடப்புப் பதிப்புதானா என்பதை அலமாரியில் இருக்கும் கோப்பை வைத்து முடிவு செய்யாதீர்கள். தரப் பிரிவில் ஆவணப் பட்டியலைக் கேட்டு, திருத்த எண்ணை ஒப்பிடுங்கள். நான் வேலை தொடங்கிய தாள் ஒரு திருத்தம் பழையது. அது தெரியவே எனக்கு ஒரு வாரம் ஆனது.

நிர்வாகத்திடம் அனுமதி வாங்க ஒரு பிடி வேண்டுமென்றால், வாகன உதிரி பாகம் செய்யும் ஆலைகளுக்கான ஐ.ஏ.டி.எஃப். 16949 தரநிலையின் 8.5.1.2 பிரிவைக் காட்டுங்கள். வேலை செய்பவருக்குப் புரியும் மொழியில், படிக்கத் தெளிவாக, வேலையிடத்திலேயே கிடைக்கும்படி அறிவுறுத்தல் இருக்க வேண்டும் என்று அது கேட்கிறது. ஆங்கிலத்தில் பதினான்கு பக்கம் அலுவலக அலமாரியில் இருந்தால் அந்த மூன்றுமே இல்லை.

2. மூன்று டை மாற்றங்களை நின்று பாருங்கள்

அட்டையின் உள்ளடக்கம் தாளிலிருந்து வராது. நடைமுறைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு இயந்திரத்தின் அருகே நின்று, வேறு வேறு செட்டர்கள் செய்யும் மூன்று மாற்றங்களைப் பாருங்கள். அதில் ஒன்றாவது இரவு ஷிஃப்டில் இருக்கட்டும். குறுக்கே பேசாதீர்கள். தாளில் எந்த வரியில் செட்டர் தயங்குகிறார், எதைத் தாண்டிப் போகிறார், எதை வரிசை மாற்றிச் செய்கிறார் என்று மட்டும் குறியிடுங்கள்.

எங்கள் தாளில் ‘முதன்மை ஸ்விட்சை அணைத்துப் பூட்டவும்’ என்று ஒரே வரி இருந்தது. நேரில் பார்த்தபோதுதான் அந்த வரிக்குள் எவ்வளவு ஒளிந்திருக்கிறது என்று தெரிந்தது. ஸ்விட்சை அணைத்தாலும், ராமை இயக்கும் கனமான சக்கரமான ஃப்ளைவீல் உடனே நிற்பதில்லை. எங்கள் பிரஸ்ஸில் அதற்குப் பிரேக் இல்லாததால், தானாக ஓய நான்கு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக எடுத்தது. அது சுற்றும்வரை ராமை நகர்த்தக்கூடிய ஆற்றல் அதில் இருக்கிறது. மூன்று செட்டர்களில் இருவர் அது சுற்றிக்கொண்டிருக்கும்போதே ஸ்பானரோடு உள்ளே கை விட்டார்கள். ஃப்ளைவீல் உறைக்குள் இருப்பதால் சுற்றுவது கண்ணில் படவில்லை. சத்தமும் பக்கத்துப் பிரஸ்ஸின் சத்தத்தில் கரைந்துவிட்டது. உறையில் ஒரு பார்வைத் துளை இருந்தது, கிரீஸ் படிந்து மூடியிருந்தது. அட்டை எழுதும் முன் அந்தத் துளையைத் துடைத்து, ஃப்ளைவீலின் விளிம்பில் ஒரு வெள்ளைக் கோடு போட்டோம். கோடு நின்றால் சக்கரம் நின்றது.

சில வரிகளை அட்டையில் எழுதுவதைவிட இயந்திரத்திலேயே சரி செய்துவிடுவது நல்லது. அதை இந்தக் கட்டத்தில்தான் கண்டுபிடிக்க முடியும்.

3. எதை வைப்பது, எதை விடுவது

இங்கேதான் நான் தவறினேன். முதல் முறை பதினான்கு பக்கத்தையும் அதன் வரிசையிலேயே சுருக்கினேன். முப்பத்திரண்டு வரி, பொடி எழுத்து, இரண்டு பக்கமும் நிறைந்திருந்தது. கூடவே, செட்டர்களுக்கு உதவியாக இருக்கும் என்று நினைத்து, அடிக்கடி ஏறும் ஆறு டைகளின் ஷட் ஹைட் அளவுகளையும் ஒரு கட்டமாகச் சேர்த்தேன். ஷட் ஹைட் என்பது ராம் கீழ் எல்லையில் இருக்கும்போது ராமுக்கும் மேசைக்கும் நடுவே உள்ள இடைவெளி; ஒவ்வொரு டையின் உயரத்துக்கும் ஏற்ப அதைத் திருகி அமைக்க வேண்டும்.

அட்டையில் ஒரு டைக்கு 265 மி.மீ. என்று இருந்தது. இரண்டு மாதம் கழித்து டூல் ரூமில் அந்த டையின் அடித்தட்டை மாற்றியபோது உயரம் 271 ஆனது. அட்டையை யாரும் திருத்தவில்லை. இரவு ஷிஃப்டில் வந்த புதிய செட்டர் அட்டையை நம்பி 265-க்கு அமைத்தார். ராம் கீழ் எல்லையை எட்டுவதற்கு 6 மி.மீ. முன்பே டை முட்டிக்கொண்டது. பிரஸ் அப்படியே இறுகி நின்றது. ராமை விடுவிக்கக் காலை ஷிஃப்ட் வரை ஆனது. ஒரு கைடு பில்லர் வளைந்திருந்தது, பஞ்ச் விரிசல் விட்டிருந்தது. யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் அந்த செட்டர் மீது ஒரு தவறும் இல்லை. அவர் கையில் கொடுக்கப்பட்ட எண்ணைத்தான் பார்த்தார்.

அதன் பிறகு ஒவ்வொரு வரியிடமும் மூன்று கேள்வி கேட்டேன். இதைத் தவறவிட்டால் உடம்புக்கோ டைக்கோ சேதம் வருமா? பழகிய செட்டரும் இதை மறந்ததையோ வரிசை மாற்றியதையோ நேரில் பார்த்தேனா? இது அடுத்த ஆண்டும் மாறாமல் இருக்குமா? முதல் இரண்டில் ஒன்றுக்கு ‘ஆம்’ வர வேண்டும். மூன்றாவதற்குக் கட்டாயம் ‘ஆம்’ வர வேண்டும். டையின் உயரம் மூன்றாவது கேள்வியில் விழுந்துவிட்டது. அது இப்போது டையின் பக்கத்திலேயே திருகிய சிறு தகட்டில் பொறிக்கப்பட்டிருக்கிறது. அடித்தட்டை மாற்றுகிறவர் கண் முன்னால்தான் அந்தத் தகடும் இருக்கும். மாற்றிய கையோடு எண்ணையும் மாற்றிவிடலாம். அட்டை ‘டைத் தகட்டைப் பார்’ என்று மட்டும் சொல்கிறது.

ஸ்பானர் அளவு, எந்த அலமாரியில் டை இருக்கிறது, கிரேன் கொக்கி மாட்டும் முறை எல்லாம் பயிற்சியில் வரட்டும். அட்டை பயிற்சிக்கு மாற்றாகாது. பயிற்சி பெறாதவர் இதைப் பார்த்து டை மாற்றக் கூடாது என்பதை அட்டையின் மேல் விளிம்பிலேயே எழுதுங்கள்.

4. வரிகளை எழுதுவது

ஒரு பக்கத்தில் ஏழு வரிக்கு மேல் வேண்டாம். எங்கள் அட்டையின் முன்பக்கம் கழற்றுதல், பின்பக்கம் பொருத்துதல். இன்ச்சிங் என்பது ராமைச் சிறிது சிறிதாக நகர்த்துவது. முன்பக்கம் இப்படி இருக்கிறது:

1. இன்ச்சிங்கில் ராம் கீழ் எல்லைக்கு
2. மோட்டார் நிறுத்தம். வெள்ளைக் கோடு நின்ற பிறகு பூட்டு
3. மேல் கிளாம்ப் கழற்று
4. பூட்டு நீக்கம். இன்ச்சிங்கில் ராம் மேல் எல்லைக்கு
5. மோட்டார் நிறுத்தம். வெள்ளைக் கோடு நின்ற பிறகு பூட்டு
6. முதலில் சேஃப்டி பிளாக். பிறகு காற்று மூடு, முள் 0
7. கீழ் கிளாம்ப் கழற்று. டை வெளியே

பின்பக்கம்:

1. டைத் தகட்டைப் பார். ஷட் ஹைட் அதைவிட 10 மி.மீ. கூடுதல்
2. டை உள்ளே. நடுக்கோடு சரி
3. ஸ்பானர்கள் பலகையில். காற்று திற. பிளாக் வெளியே. பூட்டு நீக்கு
4. இன்ச்சிங்கில் ராம் கீழ் எல்லைக்கு. கோடு நின்ற பிறகு பூட்டு
5. டையைத் தொடும்வரை ராமை இறக்கு. மேல், கீழ் கிளாம்ப் இறுக்கு
6. ஸ்பானர்கள் பலகையில். பூட்டு நீக்கம். தகடு இல்லாமல் ஒரு சுற்று இன்ச்சிங்
7. முதல் 5 உருப்படி. ஆய்வாளர் கையெழுத்து. பிறகு ஓட்டம்

இது எங்கள் காற்றுக் கிளட்ச் பிரஸ்ஸுக்கானது. ஷட் ஹைட்டைக் கையால் திருகும் வகை. உங்கள் இயந்திரத்தின் கையேடு வேறு வரிசை சொன்னால் அதுதான் சரி. இதை அப்படியே எடுத்து ஒட்டிவிடாதீர்கள்.

சில வரிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐந்தாவது வரி இரண்டாவது வரியின் மறுபதிப்பு. ‘மீண்டும் 2’ என்று எழுதி இடம் மிச்சப்படுத்தலாம் என்று தோன்றும். செய்யாதீர்கள். சோதனையில் ஒருவர் கண்ணை மேலே கொண்டுபோய் 2-ஐப் படித்துவிட்டு, திரும்பி வரும்போது 3-க்கு வந்துவிட்டார். இடம் போனாலும் முழுதாக எழுதுங்கள்.

ஆறாவது வரியில் வரிசைதான் உயிர். சேஃப்டி பிளாக் என்பது மேலே நிற்கும் ராம் இறங்காமல் முட்டுக் கொடுக்கும் கட்டை. ராமின் எடையைத் தாங்க உதவும் சிலிண்டர்களிலும் காற்றுதான் இருக்கிறது. காற்றை முதலில் விட்டுவிட்டால் எடை முழுவதும் பிரேக்கின் மேல் விழுகிறது. தேய்ந்த பிரேக் என்றால் ராம் மெல்ல இறங்கும். அதனால் கட்டை முதலில், காற்று பிறகு. வால்வை மூடினால் மட்டும் போதாது, உள்ளே நிற்கும் காற்றும் வெளியேறி அழுத்தமானியின் முள் பூஜ்யத்துக்கு வர வேண்டும் என்பதற்குத்தான் ‘முள் 0’.

பின்பக்கத்தின் முதல் வரி எங்கள் உடைந்த டை கற்றுத் தந்தது. புதிய டையை உள்ளே தள்ளுவதற்கு முன்பே ஷட் ஹைட்டைத் தேவைக்கு மேல் உயர்த்தி வைத்துவிட்டால், அப்புறம் இறக்கித் தொடவைப்பது எளிது. குறைவாக இருந்து முட்டிக்கொண்டால் விடுவிப்பது கடினம்.

இனி மொழி. தமிழில் வினைச்சொல் கடைசியில் வரும். வரி நீண்டால், என்ன செய்ய வேண்டும் என்று தெரிவதற்குள் கண் சோர்ந்துவிடும். அதனால் வரியை உடைத்து, ஒரு துண்டில் ஒரு வேலை மட்டும் வையுங்கள். அதைவிடப் பெரிய பொறி எதிர்மறை. ‘கழற்றாதே’ என்பதில் ‘கூடாது’ என்ற பொருள் சொல்லின் வாலில் இருக்கிறது. எண்ணெய்ப் பிசுக்கு படிந்த அட்டையில், அரை வெளிச்சத்தில், கண் ‘கழற்று’ வரை படித்துவிட்டு நகர்ந்துவிடும். எங்கள் முதல் அட்டையில் ‘ஃப்ளைவீல் சுற்றும்போது கிளாம்ப் கழற்றாதீர்கள்’ என்று இருந்தது. இப்போது ‘கோடு நின்ற பிறகு’ என்று இருக்கிறது. பெரும்பாலான தடைகளை இப்படி ‘பிறகு’ ஆக மாற்ற முடியும். முடியாத இடத்தில் சொல்லை விட்டுவிட்டுக் குறுக்குக் கோடு போட்ட கையின் படத்தை வையுங்கள்.

‘போடு’, ‘மூடு’ என்று ஒருமையில் எழுதுவது மரியாதைக் குறைவா என்று தரப் பிரிவில் கேட்டார்கள். மூத்த செட்டர்களிடமே கேட்டேன். “மூடவும் என்று எழுதினால் நோட்டீஸ் மாதிரி இருக்கிறது, படிக்கமாட்டோம். மூடு என்றால் கையில் இறங்கும்” என்றார் ஒருவர். அப்படியே வைத்துவிட்டோம். உங்கள் இடத்திலும் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

வடமாநிலத் தொழிலாளர்கள் இருந்தால் ‘இந்திப் பிரதி ஒன்று’ என்று முடித்துவிடாதீர்கள். எந்த எழுத்தைப் படிப்பீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். எங்களிடம் இந்தி பேசிய நால்வரில் இருவருக்கு ஒடியா எழுத்துதான் படிக்க வந்தது. மொழிபெயர்த்த வரியை வேறொருவரைப் படிக்கவைத்து, இயந்திரத்தைத் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடிந்தால் மொழிபெயர்ப்பு சரி.

5. சோதனை: நீங்கள் பேசாமல் இருக்க வேண்டிய நேரம்

சாதாரணத் தாளில் அச்சிட்ட பிரதியோடு, எழுதும்போது உடன் இல்லாத செட்டர் ஒருவரைச் செய்யச் சொல்லுங்கள். பக்கத்தில் பொறுப்பான ஒருவர் பாதுகாப்புக்காக நிற்க வேண்டும். ஆபத்து என்றால் மட்டும் நிறுத்த வேண்டும். நீங்கள் அட்டையை விளக்கக் கூடாது. விளக்கினால் அங்கே சோதிக்கப்படுவது உங்கள் வாய், அட்டை அல்ல.

எங்கள் முதல் சோதனையில் ‘பூட்டு’ என்ற வரிக்கு செட்டர் கட்டுப்பாட்டுப் பலகையின் சாவியைத் திருப்பி எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். நான் நினைத்தது சுவரில் இருக்கும் முதன்மை ஸ்விட்சில் போடும் பூட்டு. அவர் எடுத்தது பிரஸ் ஓடும் முறையை மாற்றும் சாவிதான். மின்சாரம் அப்படியே இருந்தது. மூன்று வாரமாக அந்த வரியைப் பார்த்த எனக்கு அது தோன்றவே இல்லை. அதன் பிறகு அந்த வரிக்குப் பக்கத்தில் சிவப்புப் பூட்டின் படம் வந்தது, சுவர் ஸ்விட்சிலும் அதே படம் ஒட்டினோம்.

இரண்டு ஷிஃப்டில் இரண்டு பேர் ஓரிடத்திலும் நிற்காமல் செய்து முடிக்கும்வரை திருத்துங்கள். எங்களுக்கு நான்கு சுற்று ஆனது.

6. அச்சும் செலவும்

அளவு ஏ5 போதும்; கோட்டுப் பையில் நுழையும். ஒரு மீட்டர் தூரத்தில் மாட்டிப் படிக்க வேண்டுமென்றால் எழுத்தின் உயரம் 5 மி.மீ.-க்குக் குறையக் கூடாது. மெல்லிய கோட்டு எழுத்துருக்களைத் தவிருங்கள். எண்ணெய் பட்டால் முதலில் புள்ளிகள் மறையும்.

அச்சகத்துக்கு வேர்டு கோப்பைக் கொடுக்காதீர்கள். நீங்கள் யூனிகோடில் தட்டியதை, பழைய எழுத்துருக்கள் மட்டும் உள்ள கணினியில் திறந்தால் கொம்பும் காலும் இடம் மாறும், சில இடத்தில் கட்டம் கட்டமாக வரும். அவசரத்தில் அவர்கள் திரும்பத் தட்டுவார்கள். எங்களுக்கு அப்படி ‘மூடு’ ‘முடு’ ஆனது. எழுத்துரு உள்ளடக்கிய பி.டி.எஃப். ஆகச் சேமித்துக் கொடுத்து, ஒரு பிரதியை வரி வரியாகப் படித்துவிட்டு மற்றவற்றை அச்சிடச் சொல்லுங்கள். அந்தப் பி.டி.எஃப்.-ஐக் கறுப்பு வெள்ளையில் ஒருமுறை நகலெடுத்தும் பாருங்கள். சிவப்பை மட்டும் நம்பி எழுதிய எச்சரிக்கை அதில் சாம்பலாகிக் காணாமல் போகும்.

லேமினேஷன் செய்யும்போது தாளைச் சுற்றி 5 மி.மீ. விளிம்பு பிளாஸ்டிக்காக இருக்கட்டும். கயிறு கோர்க்கத் துளை போடுவதென்றால் தாளுக்கு வெளியே அந்த விளிம்பை ஒரு மூலையில் அகலமாக விட்டு அதில் போடச் சொல்லுங்கள். எங்கள் முதல் அட்டைகளில் துளை தாளையும் சேர்த்துக் குத்தியிருந்தது. பத்து நாளில் எண்ணெய் துளை வழியாக ஏறி, முதல் இரண்டு வரிகளும் பழுப்பில் மூழ்கிவிட்டன.

ஓர் அட்டைக்கு இரு பக்க வண்ண அச்சும் தடித்த லேமினேஷனும் சேர்த்து எங்களுக்கு ஏறத்தாழ 60 ரூபாய் ஆனது. ஆறு பிரஸ்ஸுக்கு ஆறு, உபரி நான்கு என்று பத்து எடுத்தோம். உண்மையான செலவு நேரம்தான்: கவனிப்பு ஒரு வாரம், எழுத்தும் திருத்தமும் ஒரு வாரம், சோதனை இரண்டு வாரம். ஒரு மாதம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

7. எண், கையெழுத்து, பழையதைத் திரும்பப் பெறுதல்

அட்டையின் கீழ் ஓரத்தில் நான்கு விவரம் வேண்டும்: அட்டை எண், எந்த நடைமுறையின் எந்தத் திருத்தத்திலிருந்து எடுத்தது, தேதி, பிரதி எண். உற்பத்தி, தரம், பாதுகாப்பு ஆகிய மூன்று பிரிவுகளின் கையெழுத்தும் மூலப் பிரதியில் இருக்கட்டும். எங்களுக்குக் கையெழுத்து வாங்க ஒன்பது நாள் ஆனது. சோதனை நடக்கும்போதே வரைவைக் கொடுத்திருந்தால் பாதியில் முடிந்திருக்கும்.

நடைமுறைத் தாள் திருத்தப்படும்போது அட்டையும் பார்க்கப்பட வேண்டும் என்று அந்தத் தாளின் முதல் பக்கத்திலேயே ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் தாள் மாறும், அட்டை அங்கேயே தொங்கும்.

பிரதி எண் எதற்கு என்று கேட்பார்கள். பத்து கொடுத்தால் பத்தும் திரும்ப வர வேண்டும் என்பதற்கு. டை உடைந்த பிறகு பழைய அட்டைகளைச் சேகரித்தபோது எங்களிடம் ஆறுதான் வந்தன. ஏழாவதும் எட்டாவதும் செட்டர்களின் கருவிப் பெட்டி மூடிக்குள் ஒட்டியிருந்தன. ஒன்பதாவது, பூட்டிய ஓர் அலமாரிக் கதவின் உள்பக்கம். பத்தாவதைக் கண்டுபிடிக்க இன்னும் மூன்று வாரம் ஆனது: யாரோ அதை நகலெடுத்து, மூலத்தைப் பக்கத்துப் பிரிவுக்குக் கொடுத்திருந்தார்கள். புதிய அட்டையைக் கொடுக்கும்போது பழையதைக் கையில் வாங்கிக்கொண்டுதான் கொடுங்கள், வாங்கியதை அவர் கண் முன்னாலேயே குறுக்காக வெட்டுங்கள், பதிவேட்டில் பிரதி எண்ணுக்கு எதிரே கையெழுத்து வாங்குங்கள். நகலெடுத்ததும் தெரிந்துவிடும்படி அட்டையின் ஓரப் பட்டையை வண்ணத்தில் அச்சிட்டு, ‘மஞ்சள் பட்டை இல்லாத அட்டை செல்லாது’ என்று இயந்திரத்தின் மேல் எழுதி வையுங்கள். அடுத்த திருத்தத்துக்குப் பட்டையின் நிறத்தை மாற்றி, இயந்திரத்தின் மேல் உள்ள வரியிலும் அன்றே நிறத்தின் பெயரை மாற்றிவிடுங்கள்.